பேலட்டில் 45 கிரைண்டர்

கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு உண்டு. அதன் குட்டி வடிவமான டேபிள் டாப் கிரைண்டர், தமிழர் இருக்கிற ஊருக்கெல்லாம் கப்பல் ஏறுகிறது. வாங்கும் ஆட்கள் வேகம் எவ்வளவு, கல் எத்தனை என்று கேட்பார்கள். பேக்கிங் துறையில் வேலை செய்கிற எனக்கு அது 14 கிலோ எடையுள்ள அட்டைப்பெட்டி. அடியில் மோட்டார், மேலே ஏபிஎஸ் பிளாஸ்டிக் உடல், அதற்குள் எவர்சில்வர் பாத்திரம், பாத்திரத்தில் கருங்கல் உருளைகள். கனமும் மென்மையும் ஒரே பெட்டிக்குள் அடுத்தடுத்து உட்கார்ந்திருப்பதால் இதைப் பத்திரமாக அனுப்புவது மிக்ஸியை அனுப்புவது போல எளிதில்லை.

கோவையில் கணபதி பக்கம் உள்ள ஒரு சிறிய தொழிற்சாலைக்கு மலேசியாவின் போர்ட் கிளாங்கிலிருந்து புகார் வந்தது. இறக்குமதியாளர் படங்களும் அனுப்பியிருந்தார். பேலட், அதாவது ஃபோர்க்லிஃப்ட் தூக்குவதற்காகப் பெட்டிகளை அடுக்குகிற மரத்தட்டு, ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. கீழ் வரிசைப் பெட்டிகள் வயிறு உப்பி, மூலைகளில் குறுக்கு மடிப்பு விழுந்திருந்தன. மேல் வரிசையில் பிளாஸ்டிக் பட்டை அட்டையை அறுத்து உள்ளே இறங்கியிருந்தது. சில கிரைண்டர்களில் அடிப்பக்கம் விரிசல். முதலாளி கேட்ட முதல் கேள்வி, "ஏனுங்க, ரேப்பிங்கை இன்னும் நாலு சுத்து கூட்டிச் சுத்தினா போதுமுங்களா?"

போதாது. படத்தில் தெரிந்தவை நான்கு தனித்தனிக் கோளாறுகள். சுற்றுகிற பிளாஸ்டிக் ஃபிலிம் அவற்றில் ஒன்றை மட்டும்தான் சரிசெய்யும்.

முதலில் அளவுகள். பெட்டி 390 மிமீ நீளம், 325 அகலம், 340 உயரம். பேலட் 1200க்கு 1000. நீளத்தில் மூன்று, அகலத்தில் மூன்று என்று ஒரு வரிசைக்கு ஒன்பது பெட்டி. ஐந்து வரிசைக்கு 45 பெட்டி, 630 கிலோ. மூன்று பெட்டி சேர்ந்து 1170 மிமீ. மற்ற பக்கம் 975. அதாவது பேலட்டின் விளிம்புக்குள் நீளவாக்கில் இரு பக்கமும் 15 மிமீ, அகலவாக்கில் இரு பக்கமும் 12 மிமீக்குக் கொஞ்சம் மேல் இடம் மிச்சம். இந்த மிச்ச இடம் பின்னால் பெரிதாக உதவப் போகிறது.

அட்டைப்பெட்டி பாரத்தைத் தாங்குவது அதன் நான்கு மூலைகளிலும் மூலையை ஒட்டிய சுவரிலும்தான். பெரும் பங்கு அங்கேதான் இறங்குகிறது. சுவரின் நடுப்பகுதி லேசாக வெளியே வளைந்து கொடுத்துவிடும். எனவே ஒரு பெட்டியின் மூலை கீழ்ப் பெட்டியின் மூலைக்கு நேர் மேலே நிற்க வேண்டும். ஆனால் பேலட் அடுக்குகிற தோழர்களுக்குக் கை தானாகப் போவது மேஸ்திரி செங்கல் வைக்கிற மாதிரி மாற்றி மாற்றி வைப்பதற்கு. பார்க்க உறுதியாகத் தெரியும், கட்டு பிரியாது என்ற நம்பிக்கையும் உண்டு. செங்கல் உள்ளே கெட்டி. அட்டைப்பெட்டி உள்ளே வெற்று. மேல் பெட்டியின் மூலை கீழ்ப் பெட்டியின் நடுச்சுவரில் உட்கார்ந்தால் அட்டையின் தாங்கும் திறன் பாதியாகிவிடும் என்று துறையின் கையேடுகள் சொல்கின்றன. அனுபவமும் அதையே சொல்கிறது. இந்தத் தொழிற்சாலையில் கீழே மூன்று வரிசை நேராகவும் மேலே இரண்டு வரிசை அரைப் பெட்டி தள்ளியும் அடுக்கியிருந்தார்கள். அப்படித் தள்ளியதால் மேல் வரிசைகளில் பெட்டி விளிம்பைத் தாண்டி நீட்டிக்கொண்டும் இருந்தது.

பெட்டிக்கு எவ்வளவு பலம் வேண்டும் என்பதை ஒரு கணக்கில் பார்த்துவிடலாம். கடைசி வரிசைப் பெட்டியின் மேல் நான்கு பெட்டி, 56 கிலோ. ஆனால் சோதனைக்கூடத்தில் புதுப் பெட்டி தாங்குகிற எடை கிடங்கில் அப்படியே கிடைக்காது. ஒரு மாதம் பாரத்திலேயே நின்றால் 60 சதவீதம்தான் மிஞ்சும். காற்றின் ஈரப்பதம் 80 சதவீதமானால் அதில் 68 சதவீதம். மூலைக்கு மூலை கொஞ்சம் விலகி அடுக்கினால் 85. பேலட் பலகைகளுக்கு இடையே உள்ள இடைவெளியில் பெட்டியின் மூலை தொங்கினால் 80. இவை ஒன்றை ஒன்று பெருக்கும்:

```
56 ÷ (0.60 × 0.68 × 0.85 × 0.80) ≈ 202 கிலோ
```

அதாவது 56 கிலோவைக் கடல் தாண்டித் தாங்க, புதுப் பெட்டி அழுத்தச் சோதனையில் 202 கிலோ தாங்க வேண்டும். மாற்றி அடுக்கினால் 0.85 இருக்கிற இடத்தில் 0.50 வரும்; தேவை 343 ஆகிறது. விளிம்பைத் தாண்டி நீட்டினால் இன்னொரு 30 சதவீதம் போய், 490 வரை ஏறும். இந்தப் பங்குகள் பொதுவான வழிகாட்டு எண்கள்தான், ஒவ்வொரு பெட்டிக்கும் கொஞ்சம் மாறும். ஆனாலும் எது எவ்வளவு கெடுக்கிறது என்ற வரிசை மாறாது.

இனி இருக்கிற பெட்டியின் பலம். நம்மூரில் பெட்டி வாங்குவது ஐந்து ப்ளை, இத்தனை ஜிஎஸ்எம், இத்தனை பிஎஃப் என்ற கணக்கில். ப்ளை என்பது அட்டையின் காகித அடுக்கு, ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் காகிதத்தின் எடை, பிஎஃப் என்பது காகிதம் வெடிக்காமல் தாங்கும் திறன். உள்ளிருந்து குத்தினால் அட்டை கிழியுமா என்பதை பிஎஃப் சொல்லும். அடுக்கினால் நிற்குமா என்பதற்கு அட்டையின் விளிம்பு நசுங்கும் பலத்தை அளக்க வேண்டும். மெக்கீயும் அவருடைய கூட்டாளிகளும் 1963இல் கொடுத்த சூத்திரம் இன்றும் கைக்கு உதவுகிறது:

```
BCT = 5.87 × ECT × √(P × t)
```

BCT பெட்டி மொத்தமாகத் தாங்கும் பாரம், P பெட்டியின் சுற்றளவு, t அட்டையின் தடிமன், ECT அந்த விளிம்புப் பலம். நம் பெட்டிக்குச் சுற்றளவு 1430 மிமீ, தடிமன் 6.5 மிமீ. ஆய்வகத்தில் விளிம்புப் பலம் மில்லிமீட்டருக்கு 6.2 நியூட்டன் என்று வந்தது. கணக்குப் போட்டு நியூட்டனைக் கிலோவாக்கினால் சுமார் 358 கிலோ. நேராக அடுக்கினால் 202க்கு இது தாராளம். மாற்றி அடுக்கினால் 343க்கு விளிம்பில் நிற்கிறது. நீட்டி அடுக்கினால் தோற்றுவிடும். கீழ் வரிசை நசுங்கியதற்குப் பெட்டிக்காரரைத் திட்டியிருந்தார்கள். பாதிப் பங்கு அடுக்கியவரின் கையில் இருந்தது.

நேராக அடுக்கினால் பெட்டிகள் தனித்தனி ஒன்பது தூண்களாக நிற்கும், லாரி திரும்பினால் தூண்கள் பிரிந்து சரியும் என்று அடுக்குகிறவர் கேட்டார். நியாயமான கேள்வி. அந்த ஒன்பது தூண்களை ஒரே கட்டாக்குவதற்குத்தான் ஃபிலிம், பட்டை, மூலைகளில் நிறுத்துகிற கார்னர் போர்டு மூன்றும் இருக்கின்றன.

ஃபிலிமில் இரண்டு வகை. ஷ்ரிங்க் என்பது சூடு காட்டினால் சுருங்கி ஒட்டிக்கொள்வது. பேலட்டின் மேல் உறையாகப் போட்டு ஹீட் கன்னால் சூடேற்றுவார்கள். மழைக்கும் தூசிக்கும் அது நல்ல கவசம். நம் ஊர்த் தொழிற்சாலைகளில் ரோலாக வாங்கிக் கையால் சுற்றுவது ஸ்ட்ரெட்ச். பேச்சில் அதையும் ஷ்ரிங்க் ரேப் என்றே சொல்கிறோம். ஸ்ட்ரெட்ச் ஃபிலிம் வேலை செய்வது அதன் மீள்விசையால். இழுத்து நீட்டப்பட்ட ஃபிலிம் பழைய நீளத்துக்குத் திரும்பப் பார்க்கிறது, அந்த இழுவையே பெட்டிகளைப் பிடிக்கிறது. நீட்டாமல் சுற்றினால் எத்தனை சுற்று சுற்றினாலும் அது வெறும் மூடிதான். இயந்திரத்தில் ப்ரீ ஸ்ட்ரெட்ச் உருளை 1 மீட்டரை 3 மீட்டருக்கு மேல் இழுத்துச் சுற்றும். கையால் அதில் சிறு பங்குதான் வரும். அதுவும் காலையில் ஒரு இழுவை, சாயங்காலம் களைத்த கையில் வேறு இழுவை.

எண்ணிப் பார்ப்பதற்குப் பதிலாக அளந்து பார்க்க ஒரு எளிய வழி இருக்கிறது. 150 மிமீ வட்டத் தகடு ஒன்றில் கொக்கி வைத்து, சுற்றின ஃபிலிமில் சிறு கீறல் போட்டு, தகட்டை ஃபிலிமுக்கும் பெட்டிக்கும் இடையில் நுழைத்துத் தொங்கு தராசால் வெளியே இழுப்பது. மேலிருந்து 250 மிமீ கீழே, மூலையிலிருந்து 450 மிமீ தள்ளி, 100 மிமீ வெளியே வரும்வரை இழுத்துத் தராசில் என்ன காட்டுகிறது என்று பார்க்க வேண்டும். நிலையான முறையில் ஓர் இடத்தில் அளந்தால் போதும். நான் மேல், நடு, அடி மூன்றிலும் அளப்பேன். இந்தத் தொழிற்சாலையில் மேலே 3 கிலோவுக்கு மேல் காட்டியது, நடுவில் 2, அடியில் 1 கிலோகூட இல்லை. காரணம் கண்முன்னே தெரிந்தது. சுற்றுகிற தம்பி குனிந்து பின்னால் நடந்துகொண்டு அடியைச் சுற்றுகிறார். குனிந்த உடம்பில் இழுக்கப் பலம் வராது. நிமிர்ந்த பிறகுதான் ஃபிலிம் 'கிர்' என்று சத்தம் போடுகிறது.

அடியில்தான் பிடி அதிகம் வேண்டும். ஃபிலிமின் கீழ் விளிம்பு பெட்டியோடு நின்றுவிடாமல் பேலட் மரத்தைச் சேர்த்துப் பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் 45 பெட்டியும் ஒரே கட்டாக, ஒழுங்காக, பேலட்டை விட்டு வழுக்கும். படத்தில் சாய்வாகத் தெரிந்தது அதுதான். கட்டு குலையவில்லை, கட்டு முழுவதுமே மரத்தின் மேல் 60, 70 மிமீ நகர்ந்திருந்தது. பலகைக்குக் கீழே 50 மிமீயாவது இறங்கும்படி மூன்று, நான்கு சுற்று, அதில் ஒரு சுற்றை முறுக்கிக் கயிறாக்கி மரக்கட்டைகளைச் சுற்றி இழுத்துவிடுவது என்று மாற்றினோம். ஃபோர்க் நுழைகிற வாயை மறைக்கக் கூடாது. மறைத்தால் முதல் ஃபோர்க்லிஃப்ட் கிழித்துவிடும், அந்தக் கிழிசலிலிருந்து மொத்தமும் தளரும். குனிவதற்குத் தீர்வாக நீளக் கைப்பிடியுள்ள ரோல் ஸ்டாண்டு வாங்கினார்கள். இந்த எடைக்கு மூன்று இடத்திலும் 4 கிலோ என்று நான் அளவு வைத்தேன். அதற்கு மேல் போனால் மூலைப் பெட்டி உள்வாங்கத் தொடங்குகிறது. இன்னொன்று, ஃபிலிம் சுற்றிய சில மணி நேரத்திலேயே கொஞ்சம் தளரும், வெயிலில் நிற்கும் கன்டெய்னரில் இன்னும் தளரும். அதனால் தராசை மறுநாள் காலையிலும் ஒரு முறை மாட்டிப் பார்ப்பது நல்லது.

பட்டைக்கு வருவோம். ஃபிலிம் பக்கவாட்டில் அணைக்கிறது. பட்டை மேலிருந்து கீழே அழுத்தி, பெட்டிக்கும் பேலட்டுக்கும் இடையே உராய்வைக் கூட்டுகிறது. இவர்கள் போட்டிருந்தது பிபி எனப்படும் பாலிபுரொப்பிலீனில் 12 மிமீ பட்டை, கை டென்ஷனரில் முடிந்தவரை முறுக்கி, க்ளிப் அடித்தது. பிபி இழுவையில் நின்றால் நீண்டு கொடுத்துக்கொண்டே போகும். இன்று தட்டினால் வீணைத் தந்தி போல் ஒலிக்கிற பட்டை நாளை விரலுக்கு அமுங்கும். அது தளரும் என்று தெரிந்தே அதிகமாக முறுக்குவார்கள், அந்த முறுக்கில் பட்டை அட்டையை அறுக்கும். அறுத்த பள்ளத்தில் இறங்கினதும் பட்டை இன்னும் தளரும். மேல் வரிசை சேதம் முழுக்க இப்படி வந்தது. பெட் எனப்படும் பாலியெஸ்டரில் 16 மிமீ பட்டைக்கு மாறினோம். அது இழுவையை நன்றாகத் தக்கவைக்கும், பயணத்தில் பெட்டிகள் சில மிமீ அமுங்கினாலும் கூடவே சுருங்கி வரும். இரும்புப் பட்டை அந்த அமுக்கத்தைத் தொடராது. அட்டைப்பெட்டிச் சுமைக்கு நான் அதைப் போடச் சொல்வதில்லை.

பட்டை எங்கே போகிறது என்பதும் முக்கியம். அழகாக இருக்கட்டும் என்று பேலட்டின் நடுவில் போட்டால் அது நடுப் பெட்டியின் நடு வயிற்றில் விழும். இரண்டு பெட்டிகள் சேரும் இடத்தில் போட்டால் அடியில் நான்கு சுவர் தாங்கும். நம் அடுக்கில் அந்த இடங்கள் விளிம்புப் பெட்டியின் ஓரத்திலிருந்து 390இலும் 780இலும், மற்ற திசையில் 325இலும் 650இலும் வருகின்றன. நான்கு பட்டை, ஒவ்வொன்றும் மேல் பலகைக்கு அடியில் நுழைந்து வர வேண்டும். பேலட்டின் அடிப்பாகத்தையும் சேர்த்துச் சுற்றினால் தரையில் இழுபட்டு அறுந்துவிடும். உச்சியில் ஒரு ஐந்து ப்ளை அட்டைத் தகடு. அதன் நான்கு ஓரத்திலும் படுக்கைவாட்டில் ஆங்கிள் போர்டு, அதன் மேல் பட்டை. இவ்வளவுதான். இதற்குப் பிறகு அறுப்பு வரவே இல்லை.

நிமிர்ந்து நிற்கும் கார்னர் போர்டைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்ல ஆசை. கிராஃப்ட் காகிதத்தை அடுக்கடுக்காக ஒட்டி எல் வடிவில் மடித்த பொருள் அது, 50க்கு 50, தடிமன் 5 மிமீ. பலர் அதைத் தூண் என்று நினைத்து வாங்குகிறார்கள். அது செய்கிற முதல் வேலை ஐந்து வரிசையின் மூலைகளையும் ஒரே நேர்கோட்டில் நிறுத்துவது. இரண்டாவது, ஃபிலிமின் இழுவை மூலை அட்டையைக் கடிக்காமல் முழு உயரத்துக்கும் பரப்புவது. போர்டு இருந்தால் ஃபிலிமை அஞ்சாமல் இழுக்கலாம், நான் சொன்ன 4 கிலோ அதனால்தான் சாத்தியமாயிற்று.

ஆனால் போர்டு எதன் மேல் நிற்கிறது? அதற்குத்தான் முன்னால் சொன்ன மிச்ச இடம். பெட்டி பேலட் விளிம்புவரை வந்துவிட்டால் போர்டின் 5 மிமீ வெளியே அந்தரத்தில் நிற்கும். முதல் குலுக்கலில் கீழே நழுவும், நழுவும்போது ஃபிலிமையும் கூட இழுத்துக்கொண்டு போகும். பல கிடங்குகளில் போர்டின் கால் தரையைத் தொட்டபடி இருப்பதைப் பார்க்கலாம், காரணம் இதுதான். நம்மிடம் 12 மிமீ இருந்ததால் போர்டு மரத்தின் மேல் நன்றாக ஊன்றியது. அடுத்தது நீளம். அடுக்கு உயரம் 1700 மிமீ என்று போர்டையும் 1700க்கு வெட்டினால் தப்பு. பெட்டிகள் பாரத்திலும் குலுக்கலிலும் வரிசைக்கு 2, 3 மிமீ அமுங்கும். அமுங்கினதும் போர்டு மேலே துருத்தி நிற்கும். பட்டையின் அழுத்தம் பெட்டியை விட்டுப் போர்டின் மேல் போய்விடும், பெட்டிகள் உள்ளே ஆடத் தொடங்கும். 1680க்கு வெட்டச் சொன்னேன்.

நான்காவது கோளாறு, கிரைண்டரின் அடி விரிசல், பேலட்டோடு சம்பந்தப்பட்டதில்லை. கன்டெய்னரிலிருந்து இறங்கிய பிறகு ஒவ்வொரு பெட்டியும் கடைக்கும் வீட்டுக்கும் தனியாகப் போகிறது, கையிலிருந்து நழுவுகிறது. அதற்குத்தான் தனிப் பெட்டிச் சோதனை. இஸ்டா என்ற சர்வதேசப் பேக்கிங் சோதனை அமைப்பு வகுத்த, உலகம் முழுக்கப் பழக்கத்தில் இருக்கும் 1ஏ முறையைச் சொல்கிறேன். சென்னையில் இந்தியன் இன்ஸ்டிட்யூட் ஆஃப் பேக்கேஜிங் போன்ற இடங்களில் பேக்கேஜ் சோதனைக்கான வசதி இருக்கிறது.

முதலில் அதிர்வு. மேலும் கீழுமாக 25 மிமீ ஆடுகிற மேசையில் பெட்டியைக் கட்டாமல் வைக்கிறார்கள். வேகத்தை மெல்லக் கூட்டும்போது ஒரு கட்டத்தில் பெட்டி மேசையை விட்டு எழும்பத் தொடங்கும். 1.5 மிமீ தகடு ஒன்றைப் பெட்டிக்கு அடியில் ஒரு கணம் செருகி நகர்த்த முடிந்தால் போதும், அங்கே வேகத்தை நிறுத்திவிடுவார்கள். பொதுவாக நொடிக்கு நாலரை ஆட்டம் அளவில் இது வரும். மொத்தம் 14,200 தட்டுகள். நாலரை என்றால் ஏறக்குறைய 53 நிமிடம். நின்று கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். நம் கிரைண்டரில் பத்து நிமிடத்துக்குள் உள்ளே மந்தமான 'டொக் டொக்' கேட்டது. பாத்திரத்துக்குள் உருளைக் கற்கள் தங்கள் கட்டிலிருந்து விடுபட்டுச் சுவரில் இடிக்கிற சத்தம். மணி முடிந்து திறந்தபோது எவர்சில்வரில் உள்ளிருந்து குத்தின பருக்கள் வரிசையாக இருந்தன. வாடிக்கையாளர் இதைப் பழைய சரக்கு என்றுதான் நினைப்பார். உருளைகளைத் தனி ஃபோம் கூட்டில் இறுக்கி வைத்ததும் இது தீர்ந்தது.

அதிர்வு முடிந்த அதே பெட்டியைத்தான் போட்டுப் பார்க்க வேண்டும். புதுப் பெட்டியை எடுக்கக் கூடாது. லாரியில் ஒரு நாள் குலுங்கி ஃபோம் இளகி, அட்டை நைந்த பிறகுதான் நிஜத்தில் பெட்டி கை நழுவுகிறது. 14 கிலோவுக்கு உயரம் 610 மிமீ. பத்து முறை போடுவார்கள். முதலில் ஒரு மூலை, பிறகு அந்த மூலையில் சேரும் மூன்று ஓரங்கள், பிறகு ஆறு முகங்கள். தட்டையாக விழ வேண்டிய இடத்தில் தட்டையாகவே விழ வேண்டும். இரண்டு பேர் கையில் பிடித்துக்கொண்டு "ஒன்று, இரண்டு, மூன்று" சொல்லிவிட்டால் ஒரு கை முந்தும், பெட்டி ஓரத்தில் விழும், தட்டை விழுதலின் முழு அடி உள்ளே போகாது. பட்டறையிலேயே செய்வதானால் இரண்டாகப் பிளந்து சட்டென்று கீழே மடங்குகிற பலகையோ, ஒரே கொக்கியில் தொங்கவிட்டு விடுவிக்கிற கயிறோ வேண்டும். கீழே தரை கான்கிரீட் அல்லது கனத்த இரும்புத் தகடு. மரப்பலகை போட்டால் அது அடியைக் குடித்துவிடும்.

நம் பெட்டி மூலையிலும் ஓரத்திலும் பிழைத்தது. மூலை அட்டை நசுங்கி அடியை வாங்கிக்கொள்கிறது, உள்ளே போவது குறைவு. தோற்றது அடிமுகம் தட்டையாக விழுந்தபோது. வெளியிலிருந்து பெட்டி புதிதாகவே தெரிந்தது. கிரைண்டரை எடுத்துப் பார்த்தாலும் ஒன்றுமில்லை. கீழ் மூடியைக் கழற்றிய பிறகுதான் மோட்டாரைத் தாங்கும் திருகுக் குமிழ்களைச் சுற்றி முடி அளவு விரிசல்கள் தெரிந்தன. அதனால் பெட்டியைத் திறந்து பார்த்தோம், நன்றாக இருக்கிறது என்று முடிவெழுதுவதை நான் ஏற்பதில்லை. மூடியைக் கழற்ற வேண்டும், கல்லைப் போட்டு ஓட்ட வேண்டும், பாத்திரம் ஆடாமல் சுற்றுகிறதா என்று பார்க்க வேண்டும்.

விரிசலுக்குக் காரணம் அடியில் இருந்த தெர்மாகோல் அதிகமாகக் கெட்டியாக இருந்தது. கேட்க விசித்திரமாக இருக்கும். 610 மிமீ விழுந்த பொருளை 10 மிமீக்குள் நிறுத்தினால் அதன் மேல் வரும் சராசரி விசை தன் எடையைப் போல 60 மடங்குக்கு மேல். 20 மிமீயில் நிறுத்தினால் பாதி. தெர்மாகோலின் வேலை நசுங்கி அந்தத் தூரத்தைக் கொடுப்பது. முழு அடிப்பரப்புக்கும் கெட்டித் தகடு வைத்தால் எடை பரவிவிடுகிறது, தகடு நசுங்குவதே இல்லை. கிரைண்டரும் அதன் மேல் தன் ரப்பர்க் கால்களில் நின்றிருந்தது. அடி முழுவதும் கால் வழியாகத் திருகுக் குமிழுக்கே போயிற்று. தகட்டை எடுத்துவிட்டு, உடலின் வெளிச்சுவர் மட்டும் உட்காரும்படி கொஞ்சம் இளகிய வளையம் வைத்து, கால்கள் அந்தரத்தில் தொங்கும்படி செய்தோம். பொருளின் எந்தப் பகுதி பலமோ அதைப் பிடித்துத் தாங்குவதே மெத்தை வைப்பதில் பாதி வேலை. வளையம் வைத்த பெட்டி அதிர்வும் பத்துப் போடுதலும் தாங்கியது. அந்த வளையத்தில் நசுங்கின தடம் தெளிவாகப் பதிந்திருந்தது, வேண்டியதும் அதுதான்.

பெட்டி பாஸானதால் பேலட் பாஸாகிவிடாது. பேலட்டுக்கு இஸ்டா 1இ என்று தனி வரிசை இருக்கிறது: அதிர்வு, பக்கவாட்டு மோதல், ஒரு விளிம்பு தரையில் இருக்க எதிர் விளிம்பைச் சுமார் 200 மிமீ தூக்கி விடுவது. கடைசியில் சொன்னது கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர் அவசரத்தில் செய்கிற காரியம்தான். மரத்தையும் சேர்த்து 655 கிலோ வருகிற பேலட்டை அதிர வைக்கிற மேசை எல்லா ஊரிலும் கிடைக்காது. கிடைக்காதபோது பேலட்டைச் சரக்கு லாரியின் பின் கோடியில், குலுக்கல் அதிகமுள்ள இடத்தில் ஏற்றி, தெரிந்த பாதையில் அனுப்பித் திரும்ப வரவழைக்கலாம். அனுப்பும் முன் நான்கு மூலையிலும் தூக்குக்குண்டு தொங்கவிட்டு, ஒவ்வொரு வரிசையும் நூலிலிருந்து எத்தனை மிமீ என்று எழுதிக்கொள்வேன். பெட்டிகள் சேரும் இடத்தில் மார்க்கர் பேனாவால் ஃபிலிமுக்கு மேலே ஒரு கோடு, பேலட் மரத்தில் ஒரு கோடு. திரும்பி வந்ததும் கோடுகள் பிரிந்திருந்தால் எந்த இடம் நகர்ந்தது என்று விவாதமே வேண்டாம். வரிசைகளுக்கு இடையே பிரிந்தால் ஃபிலிம் போதவில்லை. அடிப்பெட்டிக்கும் மரத்துக்கும் இடையே பிரிந்தால் அடிக்கட்டும் பட்டையும் போதவில்லை. லாரிச் சோதனைக்கு ஒரு குறை உண்டு: அடுத்த முறை அதே குலுக்கல் கிடைக்காது. இரண்டு பேக்கிங்கை ஒப்பிட வேண்டுமானால் இரண்டையும் ஒரே லாரியில் அருகருகே ஏற்ற வேண்டும். பழைய முறையையும் புதிய முறையையும் அப்படித்தான் அனுப்பினோம். பழைய பேலட்டில் அடிக்கோடு 30 மிமீ பிரிந்து வந்தது. புதியதில் 4 மிமீ. தகட்டை மாட்டி இழுத்ததில் புதியதன் பிடி 4 கிலோவிலிருந்து 3க்குச் சற்று மேலே இறங்கியிருந்தது. நிற்க அது போதும்.

மீதி ஒன்று இருந்தது. படங்களை மறுபடி பெரிதாக்கிப் பார்த்தபோது, உச்சித் தகட்டில் மரப்பலகையின் தடம் பதிந்திருந்தது. போர்ட் கிளாங் கிடங்கில் பேலட்டின் மேல் பேலட் வைத்திருக்கிறார்கள். 'மேலே அடுக்காதீர்' என்ற ஸ்டிக்கர் ஒட்டித்தான் இருந்தது. இடம் இல்லாத கிடங்கில் ஸ்டிக்கர் யாரையும் தடுக்காது. மேல் பேலட்டின் 655 கிலோ ஒன்பது தூணுக்குப் பிரிந்தால் தூணுக்கு 73. ஏற்கெனவே உள்ள 56ஓடு 129 கிலோ. அதே கணக்கில் வகுத்தால் தேவை 465. நம் பெட்டி 358.

வழி இரண்டு. ஐந்தாவது வரிசையை எடுத்துவிட்டால் பேலட்டுக்கு 36 கிரைண்டர், தேவை சுமார் 365க்கு இறங்கும். அப்போதும் 358 ஒரு பிடி குறைவுதான். 20 அடி கன்டெய்னரில் பத்து பேலட்டுக்கு 450 போன இடத்தில் 360 போகும், கிரைண்டருக்கான கப்பல் செலவு கால் பங்கு ஏறும். இன்னொரு வழி, பெட்டியின் காகிதத்தை உயர்த்துவது. முதலாளி இரண்டுக்கும் விலை போட்டுப் பார்த்துவிட்டு, "காகிதத்தையே ஏத்திடலாமுங்க" என்றார். இந்த முறை பெட்டிக்கான ஆர்டரில் ஜிஎஸ்எம், பிஎஃபுக்குப் பக்கத்தில் விளிம்புப் பலம் 8.5க்குக் குறையக் கூடாது என்று எழுதச் சொன்னேன். சூத்திரத்தில் போட்டால் 490 கிலோ வருகிறது. ஒவ்வொரு லோடு வரும்போதும் சில பெட்டிகளை எடுத்து அழுத்திப் பார்ப்பதாகவும் ஏற்பாடு.

கனத்த காகிதத்தால் பெட்டியின் வெளியளவு நீளத்திலும் அகலத்திலும் 2 மிமீ கூடியது. மூன்று பெட்டிக்கு 1176, மறுபக்கம் 981. பேலட் ஓரத்தில் மிச்சம் 12 மிமீயும் ஒன்பதரை மிமீயும். கார்னர் போர்டு 5 மிமீதான் என்பதால் அதை மாற்ற வேண்டியிருக்கவில்லை. பட்டை போடும் இடங்களை மட்டும் 392, 784 என்றும், 327, 654 என்றும் திருத்தி எழுதி, அடுக்குகிற இடத்துச் சுவரில் ஒட்டினோம்.